ஹால் டிக்கெட்டில் விட்டுப்போன பெயர்

2025 மார்ச் 19, புதன்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். மேகம் மூடியிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. வாசலில் உலர்ந்த பதினோரு துணிகளில் ஒன்றுகூட அசையவில்லை. அந்த நேரத்தில்தான் என் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையிலிருந்து பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஹால் டிக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

எதைக் கையில் கொடுத்தாலும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். தனியார் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டர். டிக்கெட்டை எண்ணி, தலையை எண்ணி, சில்லறையை எண்ணி, கடைசியில் அது நோயாகவே ஆகிவிட்டது. தேர்வு எத்தனை நாள், எத்தனை பாடம், பதிவெண்ணில் எத்தனை இலக்கம் என்று எண்ணினேன். பிறகு புகைப்படத்தைப் பார்த்தேன், அவள்தான். பிறந்த தேதி சரி. மேலே பெயரைப் பார்த்தேன். வேறு பெயர்.

வேறு யாருடைய பெயரோ அல்ல. வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். ஆனால் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயர் அதுவல்ல. அவள் எட்டாம் வகுப்பு முடித்து வாங்கிய மாற்றுச் சான்றிதழிலும், பிறப்புச் சான்றிதழிலும், சாதிச் சான்றிதழிலும் இருப்பது என் மனைவியின் பெயர். என் மனைவி இறந்து பத்தாம் மாதம் பிறந்தவள் இவள். நானே போய்ப் பதிவு செய்த பெயர் அது. அதை இங்கேயும் எழுதப்போவதில்லை. முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தும் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏ, இங்க பாரு” என்பேன், வருவாள்.

இரண்டு பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வீடுகளில் மருமகள் மாமியாரின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டால் பிள்ளையையும் அப்படிக் கூப்பிடமாட்டாள். கூப்பிடுவதுகூடப் பரவாயில்லை, பிள்ளையைத் திட்டவேண்டி வருமே, அப்போது மாமியாரைத் திட்டியது போலாகும். அதனால் மருமகள் தொட்டிலிலேயே வேறொரு பெயர் வைத்தாள். அது வீட்டுப் பெயர். என் மகன் அதையே சொன்னான், தெருவும் அதையே சொன்னது. என் மனைவியின் பெயர் தாளில் மட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும் டீச்சர் ஒருவர்தான் தினமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒன் பேரு இப்பிடி வந்திருக்கே, பாக்கலையா?” என்று பேத்தியிடம் கேட்டேன்.

“ஒம்போதாப்புலருந்தே அப்பிடித்தான் தாத்தா.”

“சொல்லவே இல்லையே.”

“நல்லாத்தானே இருக்கு. அந்தப் பேரு கெழவி பேரு மாதிரி இருக்கு.”

கிழவி பேர்தான், என் வீட்டுக் கிழவி என்று நினைத்துக்கொண்டேன்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். இரண்டு நிமிடம் பேசினான். பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். எனக்கு அது ஆகாது. ஹால் டிக்கெட்டில் என்ன பெயரோ அதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர் ஏறிவிட்டால், பிறகு எங்கே போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மற்ற எல்லாத் தாளிலும் வேறு பெயர் இருந்தால் இந்தப் பிள்ளை யார் என்று ஆயுள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவேண்டும். அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை.

அப்படி விளக்கம் கேட்கிறவனாக நானே இருந்திருக்கிறேன். கல்லூரிப் பெண் ஒருத்தி ஒருநாள் காலை பாஸ் காட்டினாள். பாஸில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். இரண்டும் நான்தான் அண்ணே என்றாள். செக்கர் ஏறினால் என் வேலை போகும் என்ற பயம் எனக்கு. டிக்கெட்டுக்கு அவளிடம் காசு இல்லை. காந்திகிராமத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறக்கிவிட்டேன். அன்று பஸ்ஸில் நாற்பத்தேழு பேர். அவள் இறங்கியதும் நாற்பத்தாறு. இதைப் பேத்தியிடம் சொன்னேன்.

அவள் “அந்த அக்கா எப்பிடிப் போச்சு?” என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அவள் கிழவி பேர் என்று சொல்லவில்லை. ஹால் டிக்கெட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை, முதல் பரீட்சை. இடையில் எட்டு நாள். அதில் சனி, ஞாயிறு போனால் ஆறு.

வியாழக்கிழமை காலை பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, பேத்தியின் பள்ளிக்கூடம் இருக்கும் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். போக வர முப்பது ரூபாய். தலைமையாசிரியை அறையில் பரீட்சை வேலையாக மேசை நிறையத் தாள். ஹால் டிக்கெட்டையும் பிறப்புச் சான்றிதழையும் அருகருகே வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்துவிட்டு, சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதில் என் மனைவியின் பெயர்தான் இருந்தது. எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழைப் பார்த்து எழுதியது.

எங்கே மாறியது என்று அவரே தேடிச் சொன்னார். மாணவர் விவரங்களை ஏற்றும் கணினிப் பதிவை எமிஸ் என்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஆதாரோடு ஒத்துப்போகும்படி அதில் மாற்றியிருக்கிறார்கள். ஆதாரில் இருந்தது வீட்டுப் பெயர். தேர்வுக்குப் போகும் பெயர்ப் பட்டியல் எமிஸிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆதாருக்கு எப்படி வீட்டுப் பெயர் போனது என்பது எனக்குத் தெரியும். பிள்ளைக்கு ஐந்து வயதில் ஊரில் முகாம் போட்டார்கள். அன்று நான் பஸ்ஸில். மருமகள்தான் தூக்கிப் போனாள். ஊரே வரிசையில் நிற்க, மெஷின் முன்னால் உட்கார்ந்தவன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறான். சொல்லக்கூடிய பெயரை அவள் சொல்லியிருக்கிறாள்.

“டிசம்பர்ல பட்டியல் பிரிண்ட் எடுத்து, பேரு சரியான்னு பெற்றோர்கிட்ட கையெழுத்து வாங்கினோமே ஐயா. அப்ப பாக்கலையா?” என்று தலைமையாசிரியை கேட்டார்.

அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். மருமகளின் கையெழுத்து இருந்தது. எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்துவிட்டது. மருமகள் அதை என்னிடம் கொடுத்து, சரியாக இருக்கிறதா பாருங்கள் மாமா என்று கேட்டிருந்தாள். பக்கம் ஒன்று, கையெழுத்துப் போடும் இடம் இரண்டு என்று எண்ணிப் பார்த்து, சரிதான் என்று திருப்பிக் கொடுத்திருந்தேன். எண்ணியவன் வாசிக்கவில்லை. இதைத் தலைமையாசிரியையிடம் சொல்லவில்லை. இப்போதுதான் முதல்முறை சொல்கிறேன்.

கணினியில் பள்ளிக்கூடமே திருத்துவதற்குக் கொடுத்த நாள் முடிந்துவிட்டது என்றார். இனி அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில்தான் திருத்தவேண்டும். அவர் கடிதம் கொடுப்பார். அதோடு சேர்க்கைப் பதிவேட்டு நகல், மாற்றுச் சான்றிதழ் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், ஹால் டிக்கெட் நகல், பெயர்ப் பட்டியலில் சிவப்பு மையில் திருத்திய பக்கம், பெற்றோரின் விண்ணப்பம். ஆறு இணைப்பு. இரண்டு செட்டாகப் பன்னிரண்டு பக்கம், பக்கம் இரண்டு ரூபாய், இருபத்து நான்கு. சிவப்பு மைப் பேனா அலுவலகத்தில் எழுதவில்லை. வெளியே போய்ப் பத்து ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன்.

விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“டிசம்பர்ல சரின்னு கையெழுத்துப் போட்டது அம்மா. இப்ப தப்புன்னு எழுதவேண்டியதும் அம்மாதான். அவங்க கைப்பட எழுதி, நாளைக்கு அவங்களையே கூட்டிட்டு வாங்க. தபால்ல விட்டா நாளாயிரும். ஆளனுப்ப எங்கிட்ட ஆளும் இல்ல. கவர்ல போட்டுத் தாரேன், நீங்களே கொண்டுபோங்க.”

சாயங்காலம் இரண்டு ரூபாய்க்கு வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மருமகள் எட்டாவது படித்தவள். நான் சொல்லச் சொல்ல அழகாக எழுதினாள். “என் மகளின் சரியான பெயர்” என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. இரண்டு விரல் அகலம் இடம் விட்டுவிட்டு, “என்பதாகும்” என்று எழுதினாள். மொத்தம் பதினான்கு வரி. பதினான்கையும் முடித்துக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

“அந்த எடத்துல நீங்க எழுதிருங்க மாமா.”

“எழுதுறதுக்கு என்னத்தா? வாயால சொல்லப்போறியா?”

“கையும் வரமாட்டேங்குது.”

என் மனைவியோடு அவள் ஒன்றரை வருடம்தான் இருந்தாள். அதற்குள் நான்கு முறை சண்டை போட்டுக்கொண்டார்கள், எனக்குத் தெரிந்து. ஆனால் கடைசி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தவளுக்குக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது இவள்தான். அப்போது இவள் வயிற்றில் பிள்ளை இல்லை. பிறகுதான் உண்டானது. என் மனைவியே வந்து பிறந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான் அப்படியெல்லாம் நம்புகிறவன் இல்லை. கணக்கு மட்டும் ஒத்துப்போனது.

தாளை மேசைமேல் வைத்து, பறக்காமலிருக்க என் கண்ணாடிக் கூட்டை மேலே வைத்தேன். நான் எழுதமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை. கையெழுத்து மாறியிருந்தால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். வெள்ளிக்கிழமை போனால் அடுத்து திங்கள்தான்.

வெள்ளி காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கூட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு விரல் இடத்தில் பெயர் இருந்தது. அவள் எழுத்துதான். மற்ற எழுத்தைவிடச் சிறியதாக இருந்தது. அடுப்படியில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

டவுன் பஸ்ஸில் போனோம். அவளுக்குக் கட்டணம் கிடையாது. எனக்குப் போக வர முப்பது. ஒன்பதே காலுக்குப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியை எல்லா நகலிலும் கையெழுத்திட்டு முத்திரை போட்டார். நகல்களில் பன்னிரண்டு, கடிதத்தில் ஒன்று, பதின்மூன்று முத்திரை. அலுவலகத்துக்குப் போனும் செய்தார். வெயில் ஏறிவிட்டது. மருமகள் நடந்தே போவோம் என்றாள். நேரம் போய்விடும் என்று நாகல் நகர் ஆட்டோ ஒன்றைப் பிடித்தேன். எண்பது ரூபாய் கேட்டான். பேரம் பேசாமல் ஏறினேன். என் வாழ்நாளில் அது இரண்டாவது முறை.

அலுவலகம் மாடியில். இருபத்திரண்டு படி. எங்களுக்கு முன்னால் ஐந்து பேர், எல்லாரும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து ஆட்கள். ஒருவர் கையில் இருபது ஹால் டிக்கெட் இருந்தது. ஒன்றில் படம் மாறியிருக்கிறது, ஒன்றில் பாடமொழி தப்பு என்று பேசிக்கொண்டார்கள். நம் பிள்ளைக்கு மட்டும் இல்லை என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு.

எங்கள் முறை வந்தபோது பதினொன்று இருபது. கண்காணிப்பாளருக்கு ஐம்பது வயதிருக்கும். கவரைப் பிரித்து ஆறு இணைப்பையும் வரிசையாக வைத்தார். எண்ணுகிற ஆள், எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் பெயர்ப் பட்டியல் பக்கத்தில் நிறுத்திவிட்டார். எழுத்துப் பிழை என்றால் உடனே போட்டுவிடுவேன், இது முழுப் பெயரே வேறாக இருக்கிறதே என்றார். ஒரு பிள்ளையின் இடத்தில் இன்னொரு பிள்ளையை உட்கார வைக்கப் பார்க்கிறவர்களும் உண்டு என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. முகம் சொன்னது. அவரைக் குறை சொல்லமாட்டேன். நானும் நாற்பத்தேழில் ஒருத்தியை இறக்கிவிட்டவன்தான்.

“இது ரெண்டு பிள்ளையா, ஒரே பிள்ளையா?”

“ஒரே பிள்ளைதான் சார்” என்றேன். “வீட்டுப் பேரு ஒண்ணு, சர்ட்டிபிகேட் பேரு ஒண்ணு. அதாவது…”

“நீங்க செத்த இருங்க பெரியவரே. கையெழுத்துப் போட்டவங்க சொல்லட்டும்.” அவர் மருமகளைப் பார்த்தார். “டிசம்பர்ல இந்தப் பேரு சரின்னு போட்டிருக்கீங்க. இப்ப சரியில்லங்கிறீங்க. பிள்ளையோட பேரு என்னம்மா?”

அவள் விண்ணப்பத்தில் அந்தச் சிறிய எழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“அது எனக்கும் தெரியுது. வாயால சொல்லுங்க.”

சுவரில் கடிகாரம் இருந்தது. நொடி முள்ளைப் பார்த்தேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல். அவள் முந்தானையை எடுத்துக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கும் வரவில்லை. நாற்பது நொடி போயிருக்கும். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

“எங்க அத்தை பேரு சார் அது” என்றாள். “நான் சொன்னதில்ல. பிள்ளைய வையும்போது வாயில வந்துரக்கூடாதுன்னு வேற பேரு வச்சேன். ஆதார் எடுக்கும்போதும் அதையே சொல்லிட்டேன். தப்பு எம்மேலதான். அவ பேரு…”

சொன்னாள். முதல் முறை பாதிதான் கேட்டது. பிறகு தலையை நிமிர்த்தி, இனிஷியலோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல இன்னொரு முறை சொன்னாள்.

அந்தப் பெயரை எங்கள் வீட்டு ஆள் ஒருவர் வாயிலிருந்து நான் கேட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. கடைசியாகச் சொன்னவர் என் மாமனார், சுடுகாடு வரைக்கும் வந்து அழுதபோது. கண்காணிப்பாளரின் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மாற்றுச் சான்றிதழ் நகலையும் பிறப்புச் சான்றிதழ் நகலையும் இன்னொரு முறை ஒத்துப் பார்த்தார். தாய் தந்தை பெயர், பிறந்த தேதி, எல்லாம் ஒன்றுதான். கடிதத்தின் மூலையில் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டுப் பக்கத்து மேசைக்குக் கொடுத்தார். திங்கள் மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் புதிய ஹால் டிக்கெட்டை இறக்கிக்கொள்ளலாம், தேர்வு மையத்துப் பெயர்ப் பட்டியலிலும் திருத்தம் போய்விடும், கட்டணம் எதுவும் இல்லை என்றார். பெறப்பட்டது என்று இரண்டாவது செட்டில் முத்திரை போட்டுக் கொடுத்தார்.

“ஆதாரையும் மாத்திருங்க. இல்லன்னா பிளஸ் டூவுல மறுபடி இதே படி ஏறணும்” என்றார்.

இருபத்திரண்டு படியும் இறங்கி, எதிர்க்கடையில் இரண்டு டீ குடித்தோம். இருபத்து நான்கு ரூபாய். மருமகள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, “அத்தை கோவிச்சுக்கிருவாகளா மாமா?” என்று கேட்டாள்.

“கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட வரச் சொல்லு. டிசம்பர்ல வாசிக்காம விட்டவன் நான்தான்.”

திங்கள் மாலை நாலே முக்காலுக்குப் பேத்தி புதிய ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் சரியான பெயர். தலைமையாசிரியையின் கையெழுத்து, முத்திரை. இந்த முறை எண்ணுவதற்கு முன்னால் வாசித்தேன். மூன்று முறை.

28ஆம் தேதி காலை நானும் மருமகளும் தேர்வு மையத்து வாசல்வரைக்கும் போனோம். உள்ளே ஓர் ஆசிரியர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு அறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இருபத்தொன்றாவதாக அந்தப் பெயர் வந்தது. பேத்தி தோழியோடு பேசிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். அப்போதும் திரும்பவில்லை. ஒன்றரை வருடமாக வேறு பெயருக்குத் திரும்பிப் பழகியவள். ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போகத் தாளில் விரலை நகர்த்தினார்.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பின்னாலேயே “ஓடுடீ” என்றும் ஒரு வசவு வைத்தாள். பேத்தி திகைத்துத் திரும்பிப் பார்த்து, ஹால் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு ஓடினாள். ஆசிரியர் பட்டியலையும் சீட்டையும் பார்த்தார். உள்ளே அனுப்பினார்.

மருமகள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “வஞ்சுட்டேன் மாமா” என்றாள். நான் சிரித்தேன். என் மனைவியாக இருந்தாலும் சிரித்திருப்பாள்.

பரீட்சை எல்லாம் முடிந்த பிறகு மூவரும் திண்டுக்கல் போய் ஆதாரில் பெயர் மாற்றக் கொடுத்தோம். கட்டணம் ஐம்பது, எனக்குப் பஸ் முப்பது. வீட்டில் இன்னும் பேத்தியைத் தொட்டில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். தாளில் இருக்கும் பெயர் இப்போது எல்லாத் தாளிலும் ஒன்றுதான். பழைய ஹால் டிக்கெட், விண்ணப்பத்தின் நகல், முத்திரை போட்ட இரண்டாவது செட், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். கவரின் மேல் பெயர் திருத்திய செலவை எழுதிக் கூட்டியிருக்கிறேன். பஸ் மூன்று தடவை தொண்ணூறு, ஆட்டோ எண்பது, நகல் இருபத்து நான்கு, டீ இருபத்து நான்கு, பேனா பத்து, வெள்ளைத்தாள் இரண்டு, ஆதார் ஐம்பது. ஆக மொத்தம் இருநூற்று எண்பது ரூபாய்.